தும்பி ஏன் பதில் சொல்லவில்லை?

"ஐயா, வணக்கம். நீங்கள் போன வாரம் நடத்திய 'கொங்குதேர் வாழ்க்கை' பாட்டில் எனக்கு ஒரு சந்தேகம். தும்பி, பூ, மயில் என்று இயற்கையைப் பற்றித்தானே பாட்டு போகிறது? கடைசியில் 'உனக்குத் தெரிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமுள்ளவையும் உண்டோ' என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. தும்பி பதிலே சொல்லவில்லை. மீதி வரிகள் தொலைந்துபோய்விட்டனவா? வேண்டுமென்றே கேள்வியோடு விட்டிருந்தால், ஏன்? பரீட்சையில் கேட்டால் என்ன எழுதுவது? வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்ததால் கடிதமாக எழுதுகிறேன்." (பத்தாம் வகுப்பு மாணவன், சென்னை)

தம்பி,

முதலில் வரிகள் தொலைந்த சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். அது வீண் சந்தேகம் இல்லை. சங்கப் பாட்டுகள் ஓலைச்சுவடியில் கிடந்தவை. புறநானூற்றில் 267, 268 இரண்டும் கிடைக்கவே இல்லை. இன்னும் சில பாட்டுகள் நடுநடுவே சிதைந்து கிடைத்திருக்கின்றன. ஆனால் இந்தப் பாட்டு முழுசாகத்தான் இருக்கிறது. அதை நீயே சரிபார்க்கலாம். பாட்டைச் சீர் பிரித்து எழுதிப் பார்:

கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி
காமம் செப்பாது கண்டது மொழிமோ
பயிலியது கெழீஇய நட்பின் மயிலியல்
செறியெயிற்று அரிவை கூந்தலின்
நறியவும் உளவோநீ அறியும் பூவே.

நான்காவது வரியை எண்ணு. மற்ற வரிகளில் நான்கு சீர். இதில் மட்டும் மூன்று. இது நேரிசை ஆசிரியப்பா. அந்தப் பாவில் கடைசிக்கு முந்தைய அடி மூன்று சீரோடு குறைந்து வரவேண்டும் என்பது விதி. ஆகவே மூன்று சீர் வரி வந்ததுமே, அடுத்த வரியோடு பாட்டு முடியப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அதோடு கடைசி எழுத்து 'ஏ'. ஆசிரியப்பா பெரும்பாலும் அப்படித்தான் முடியும். குறுந்தொகைப் பாட்டுகளின் அளவு நான்கு முதல் எட்டு அடி. இது ஐந்து அடி. எந்தப் பக்கம் பார்த்தாலும் முடிவு முடிவாகவே இருக்கிறது. இன்னொன்றும் கவனி. 'கூந்தலின்' என்ற இடத்தில் ஒரு சீர் குறைகிறதே, சொல்லும்போது அங்கே மூச்சு சற்று நிற்கும். 'இவள் கூந்தலைவிட...' என்று நிறுத்தி, அப்புறம் கேள்வியைப் போடுகிறார். யாப்பு தானாகத் தரும் இடைவெளியைக் கேள்விக்கு வாசலாக வைத்திருக்கிறார் புலவர்.

சரி, கேள்வி பாட்டில் எங்கே இருக்கிறது? கேள்விக்குறியைத் தேடினால் ஏமாந்துபோவாய். ஓலையில் கேள்விக்குறி கிடையாது, கமா கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. அவை எல்லாம் அச்சோடு வந்தவை. எனவே கேள்வி சொல்லுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். நன்னூல் சொல்லும் வினா எழுத்துகள் உனக்குத் தெரியும்: எ, யா சொல்லின் முதலில், ஆ, ஓ சொல்லின் இறுதியில், ஏ இரண்டு இடத்திலும். இதை வைத்துத் தேடினால் மூன்று இடத்தில் கண் நிற்கும்: மொழிமோ, உளவோ, பூவே.

ஆண்டுதோறும் பிள்ளைகள் தவறுகிற இடம் இது. 'மொழிமோ' கேள்வி இல்லை. அதில் உள்ள 'மோ' முன்னிலை அசைச்சொல். 'மொழி', அதாவது 'சொல்' என்ற ஏவலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். 'பூவே' என்பதும் கேள்வி இல்லை. பூவைக் கூப்பிடுவதும் இல்லை. விடைத்தாள்களில் 'தலைவன் பூவிடம் கேட்கிறான்' என்று எழுதுகிறவர்கள் இந்த 'ஏ'யைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். அது ஈற்றசை, பாட்டை முடித்து வைப்பது. மிஞ்சுவது 'உளவோ'. பாட்டில் இருக்கும் ஒரே கேள்வி அந்த 'ஓ' தான். பேச்சு வழக்கில் 'நீ அறியும் பூக்களில் மணமுள்ளவை உளவோ' என்று கேள்வி கடைசியில் வரும். புலவர் கேள்வியை முன்னால் தள்ளிவிட்டுப் பூவைக் கடைசியில் வைத்திருக்கிறார். அதனால் பாட்டு பொருளில் கேள்வியாக முடிந்தாலும் ஓசையில் பூவோடு முடிகிறது.

அடுத்து, இதை இயற்கைப் பாட்டு என்கிறாய். பாதி சரி. தும்பியும் பூவும் குறிஞ்சி நிலத்துக் கருப்பொருள்களாக வந்திருக்கின்றன; பாட்டின் உரிப்பொருள் தலைவனும் தலைவியும் கூடும் புணர்தல். பாட்டின் அடியில் கொடுத்திருக்கும் குறிப்பைப் பார். தலைவன் கூற்று, தலைவியின் நலத்தைப் பாராட்டியது. அவர்கள் முதல்முறை தனியாகச் சந்தித்திருக்கிறார்கள். அவளுக்கு வெட்கம். அவளிடம் நேராகப் பேசாமல், பக்கத்தில் பறக்கும் தும்பியிடம் பேசுகிறான். ஆக, கேள்வி போவது தும்பிக்கு. காதில் விழுவது அவளுக்கு. தும்பியால் பேச முடியாது என்பது புலவருக்கும் தெரியும், தலைவனுக்கும் தெரியும். அஃறிணைப் பொருள்களைக் கேட்பன போலவும் சொல்லுவன போலவும் வைத்துப் பேசலாம் என்று நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது. 'தும்பி பதிலே சொல்லவில்லை' என்றாயே, அது சொல்லாது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்துக் கேட்கிறான்.

(நடுவே ஒன்று. நம் ஊரில் இப்போது தும்பி என்றால் பலருக்கும் தட்டான்பூச்சிதான் நினைவுக்கு வருகிறது. அதை மனத்தில் வைத்தால் பாட்டே குலைந்துவிடும். தட்டான் கொசுவையும் ஈயையும் பிடித்துத் தின்பது. பூமணத்தில் அதற்கு என்ன வேலை? இங்கே தும்பி வண்டினம்.)

இப்போது வரிகளின் வேலையைப் பார்ப்போம். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் படி. முதல் வரி தும்பியை எப்படி அழைக்கிறது? 'அழகான தும்பியே' என்று மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. 'கொங்குதேர் வாழ்க்கை', பூந்தாதைத் தேடித் தேடி உண்பதையே வாழ்க்கையாகக் கொண்ட தும்பி. நாள் முழுக்கப் பூப்பூவாக ஏறி இறங்குகிற உனக்குத்தான் மணம் தெரியும் என்று அதன் தகுதியை முதலில் நிறுவுகிறான். இரண்டாவது வரி, 'காமம் செப்பாது கண்டது மொழிமோ'. இங்கே காமம் என்றால் விருப்பம். என் விருப்பத்துக்கு ஏற்றபடி சொல்லாதே, நீ கண்டறிந்ததைச் சொல். கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறுபவரிடம் முதலில் நீ யார், என்ன தொழில் என்று கேட்டு, அப்புறம் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார்களே, அதே வரிசை.

மூன்றாவது, நான்காவது வரிகளில் தலைவி வருகிறாள். என்னோடு பழகிப் பொருந்திய நட்பும், மயிலின் சாயலும், நெருங்கிய பல்வரிசையும் உடையவள். இங்கேதான் வேடிக்கை. தும்பியிடம் பக்கம் சாயாமல் சொல் என்றவன், தான் எந்தப் பக்கம் என்பதை மூன்றாவது வரியிலேயே காட்டிக்கொடுத்து விடுகிறான். நட்பு, மயில், பல் என்று அடுக்கிய பிறகு எந்தச் சாட்சிதான் 'அவளைவிட மணமான பூ இருக்கிறது' என்று சொல்லத் துணியும்? கடைசி வரியில் இன்னொரு நுட்பம்: 'நீ அறியும் பூ'. உலகத்துப் பூக்களை எல்லாம் கேட்கவில்லை, உனக்குத் தெரிந்த பூக்களை மட்டும். சாட்சி தான் அறிந்ததை மட்டும் சொன்னால் போதும். கேள்வியின் எல்லை அவ்வளவு கச்சிதம்.

இப்போது ஒரு சோதனை செய்வோம். கேள்வியை எடுத்துவிட்டு அதே வரியைச் செய்தியாக மாற்றுவோம். 'உளவோ' இருக்கும் இடத்தில் 'இலவே' என்று போடு:

நறியவும் இலவேநீ அறியும் பூவே.

இது நான் சோதனைக்காக மாற்றியது. எங்கேயும் மேற்கோள் காட்டிவிடாதே. ஓசை கெடவில்லை. 'உளவோ' நிரைநேர், 'இலவே'யும் நிரைநேர். பொருளும் சரியாகவே வருகிறது: உனக்குத் தெரிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமானவை இல்லை. ஆனால் பாட்டு எங்கே உடைகிறது தெரியுமா? கடைசி வரியில் இல்லை, இரண்டாவது வரியில். 'கண்டதைச் சொல்' என்று தும்பியைக் கேட்டுவிட்டு, பதிலையும் இவனே சொல்லிவிட்டால் தும்பியை ஏன் கூப்பிட்டான்? முதல் வரியில் அதன் தகுதியைச் சொன்னது எதற்கு? ஒரு சொல்லை மாற்றியதும் முதல் இரண்டு வரியும் வேலை இல்லாமல் தொங்குகின்றன. கேள்விக்காகவே முன்வரிகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வேறு மாதிரியும் மாற்றிப் பார்க்கலாம். ஆறாவது அடி ஒன்று சேர்த்துத் தும்பியைப் பேச விடுவோம். 'இல்லை' என்று அது சொன்னால் பாராட்டு தும்பியுடையதாகிவிடும். தலைவன் வெறும் பேட்டி எடுத்தவன் ஆகிவிடுவான். 'உண்டு' என்று சொன்னால் கதையே கந்தல். பதில் வராதபோது மட்டும்தான் பாராட்டு அவனுடையதாகவும் இருக்கிறது, அவன் வாயால் சொன்னதாகவும் இல்லை. வெட்கப்பட்டு நிற்கும் பெண்ணிடம் நேரே 'உன் கூந்தலைப்போல் எதுவும் மணக்காது' என்றால் முகத்துக்கு நேரான முகஸ்துதி. தும்பியிடம் கேட்டால் அவள் மறுக்கவும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

இது எந்த வகை வினா என்று நீ அடுத்துக் கேட்பாய். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று ஆறு படித்திருக்கிறாய். மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் பக்கம் பூக்காரம்மாவிடம் 'இதைவிட வாசனையான மல்லி இருக்கா?' என்று கேட்டால் அது கொளல் வினா, இருந்தால் வாங்கிக்கொள்வாய். தலைவன் கேட்பதும் கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான், ஆனால் அவனுக்கு வேறு பூ வேண்டாம். மேலோட்டமாகப் பார்த்தால் அறியா வினா. தெரியாதவன் தெரிந்தவனைக் கேட்பதுபோல் இருக்கிறது. ஆனால் அவனுக்குத் தெரியாமல் இல்லை. விடை தெரிந்தே கேட்பதால் அறிவினா என்று சொல்லலாம் என்றால், அது ஆசிரியர் மாணவனைச் சோதிப்பது போன்றது. தலைவன் தும்பியைச் சோதிக்கவில்லை. என் கருத்தில் இந்த ஆறு பெட்டியில் எதிலும் இது சரியாக அடங்காது.

ஆனால் நன்னூலில் இன்னோர் இடம் இருக்கிறது. ஓகாரத்துக்கு எட்டுப் பொருள் சொல்லும் சூத்திரம். அந்த எட்டில் வினாவும் உண்டு, எதிர்மறையும் உண்டு. 'நானோ திருடன்?' என்று ஒருவன் கேட்டால் அது சந்தேகம் இல்லை. 'நான் திருடன் இல்லை' என்று அடித்துச் சொல்வது. 'உளவோ' என்பதில் உள்ள ஓ இரண்டு பக்கமும் நிற்கிறது. தும்பி காதுக்கு அது வினா: உண்டா? தலைவி காதுக்கு அது எதிர்மறை: இல்லவே இல்லை. ஒரே எழுத்தில் இரண்டு பேருக்கு இரண்டு செய்தி.

இந்த இரட்டைத்தன்மையைப் புரிந்துகொண்டால் நீ சினிமாவில் பார்த்திருக்கும் தருமி கதையும் புதிதாகத் தெரியும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம்' என்று அது வருகிறது. பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்று பாண்டியனுக்குச் சந்தேகம். தீர்ப்பவருக்குப் பொற்கிழி. இறைவன் தருமியிடம் கொடுத்தனுப்பியதாகச் சொல்லப்படுவது இதே பாட்டைத்தான். குறுந்தொகையில் இதைப் பாடியவர் பெயர் இறையனார் என்று இருப்பதால் அந்தக் கதை அழகாகப் பொருந்திக்கொண்டது. அரசன் இதைத் தன் கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்கிறான். நக்கீரர் குற்றம் சொல்கிறார். பூவும் நறும்பொருளும் சேர்வதால்தான் கூந்தல் மணக்குமே தவிர, இயற்கையில் மணம் கிடையாது என்று வாதாடுகிறார்.

பாட்டை மறுபடி படித்துப் பார். கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டு என்று எந்த வரி சொல்கிறது? ஒன்றும் இல்லை. அங்கே இருப்பது ஒரு கேள்வி மட்டும். கேள்வியைப் பொய் என்று சொல்ல முடியாது. செய்தியைத்தான் சொல்ல முடியும். அரசனும் நக்கீரரும் 'உளவோ'வை எதிர்மறையாக மட்டும் கேட்டார்கள். அப்படிக் கேட்டால் அது செய்தி ஆகிவிடுகிறது, செய்தி ஆனதும் சரியா தவறா என்ற வழக்கு வந்துவிடுகிறது. கதையில் யார் பக்கம் நியாயம் என்பதைப் பட்டிமன்றக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது, காதலன் கேட்ட கேள்வியைத் தாவரவியல் அறிக்கையாகப் படித்ததில் பிறந்த சண்டை அது என்பது.

கேள்வியைக் கடைசியில் வைப்பது மட்டும்தான் சிறப்பு என்று நினைத்துவிடாதே. குறுந்தொகை 25ஆம் பாட்டைப் பார். கபிலர் பாடியது. அதுவும் ஐந்து அடி, அதிலும் ஒரு சாட்சி:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

இங்கே பேசுவது தலைவி. அவன் என்னைச் சேர்ந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை. அவன் ஒருவன்தான் கள்வன். அவன் சொன்ன சொல்லைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? என்று இரண்டாவது வரியிலேயே கேள்வி முடிந்துவிடுகிறது. அப்புறம்தான் பறவை வருகிறது. தினைத்தாள் போன்ற சின்னப் பசுங்கால் உடைய குருகு ஒன்று இருந்தது, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு. அதன் கண் மீன்மேல். இவர்களை அது பார்க்கவே இல்லை. தும்பியைப் போல இதுவும் பேசாத சாட்சிதான். ஆனால் தும்பிக்குச் சொல்வதற்கு விஷயம் இருந்தது, குருகுக்கு அதுவும் இல்லை.

கபிலர் கேள்வியைக் கடைசியில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'யான் எவன் செய்கோ' என்பது வெறும் புலம்பலாக நின்றிருக்கும். கேள்வியை முன்னால் கேட்டுவிட்டு, அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாத நிலையைக் குருகை வைத்துக் காட்டுகிறார். இறையனார் பாட்டில் தலைவனுக்குப் பதில் தேவையில்லை, அதனால் கேள்வி கடைசியில் நிம்மதியாக நிற்கிறது. கபிலர் பாட்டில் தலைவிக்குப் பதில் அவசியம் தேவை, அது கிடைக்காது. ஆகவே எந்தப் பாட்டிலும் 'கேள்வியோடு முடிந்தால் சிந்திக்க வைப்பதற்காக' என்று பொதுவாக எழுதிவிடாதே. கைடுகளில் அப்படி ஒரு வரி இருக்கும்; எல்லாப் பாட்டுக்கும் பொருந்துகிற விடை எந்தப் பாட்டுக்கும் விடை ஆகாது.

பரீட்சைக்கு இவ்வளவும் எழுத இடம் இருக்காது. ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்:

"தலைவன் தும்பியைப் பூமணம் அறிந்ததாகவும் உண்மை சொல்ல வேண்டியதாகவும் முதல் இரண்டு அடிகளில் அமைக்கிறான். இறுதி அடியில் 'உளவோ' என்று வினவுகிறான். தும்பி விடை கூறாது. கேட்டு நிற்பவள் தலைவி. ஓகாரம் வினாவாக நின்று 'இல்லை' என்னும் எதிர்மறைப் பொருளையும் தருவதால், தலைவியை நேரே புகழாமலே அவள் நலம் பாராட்டப்படுகிறது. வினாவை நீக்கிச் செய்தியாக்கினால் 'கண்டது மொழிமோ' என்ற தொடர் பயனற்றுப் போகும்."

வினா வகை கேட்டு ஒரு மதிப்பெண் கேள்வி வந்தால் வாதாட வேண்டாம், வகுப்பில் எழுதிப்போட்டதையே எழுது. மனப்பாடப் பகுதியாகப் பாட்டை எழுதும்போது 'பூவே'க்குப் பின்னால் கேள்விக்குறி போடலாமா என்ற குழப்பமும் வரும். பதிப்புக்குப் பதிப்பு குறிகள் மாறும். பாடநூலில் எப்படி அச்சிட்டிருக்கிறதோ அப்படியே போட்டுவிடு. பதம் பிரித்ததையும் சேர்த்ததையும் பார்க்க ஆசை இருந்தால், உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைப் புரட்டிப் பார். பெசன்ட் நகரில் அவர் பெயரிலேயே நூலகம் இருக்கிறது. விடுமுறையில் வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. போவதற்கு முன் 25ஆம் பாட்டில் எது வினா எழுத்து, எது வினாச்சொல் என்று பிரித்து எழுதிக் கொண்டுவந்து காட்டு. 'எவன்' என்பதை ஆள் என்று எழுதினால் சிவப்பு மை விழும்.